‘மேலும்’ என்பதற்குக் கீழே போன நன்றி

லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை லிஃப்ட் மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவில் இருக்காது. நின்றுபோனால் மட்டும் எல்லோருக்கும் அவனுடைய நம்பர் வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் திட்டுவார், வெளியே காத்திருப்பவர் திட்டுவார், கட்டடத்தின் செயலாளர் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டுவார். அவன் போய்ச் சரிசெய்து கதவு திறந்ததும் அத்தனை பேரும் அவனைச் சுவரோடு சுவராகத் தள்ளிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். இப்படி வருஷக்கணக்கில் ஒரு நன்றியும் வாங்காமல் வேலை பார்த்த மனிதனுக்குக் கைபேசியில் முன்பின் தெரியாத ஒருத்தர் ஒரு இதயத்தை அழுத்திவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? இந்த மெக்கானிக்குக் காய்ந்த வயிற்றில் சாராயம் இறங்கியதுபோல இருந்தது.

அந்த ருசி அவனுக்குக் கல்யாணமான முதல் வருஷமே பழகிவிட்டது. கல்யாண நாளன்று மாலையும் கழுத்துமாக இருந்த ஃபோட்டோவைப் போட்டு, ‘படத்தில் கடைசியாகச் சிரிப்பவர் நான்தான்’ என்று எழுதினான். லைக் குவிந்தது. அடுத்த வருஷம், ‘நன்னடத்தைக்காகத் தண்டனைக் குறைப்பு கேட்டிருந்தேன், மனு நிராகரிக்கப்பட்டது’ என்றான். இன்னும் குவிந்தது. அதற்கடுத்த வருஷம் மாமனாரை வம்புக்கு இழுத்து, ‘வாங்கிய பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கிறார்’ என்று போட்டான். மாமனார் அதைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு அந்தக் கைபேசியில் தெரிந்தது அது ஒன்றுதான்.

இந்த நகைச்சுவை எதுவும் அவன் சரக்கு இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் ஒரே கிணற்றில் இறைக்கும் தண்ணீர்தான். ஆனால் தன் வாளியில் வந்த தண்ணீர் மட்டும் தனி இனிப்பு என்று அவன் நம்பினான். கல்யாண நாளுக்கு ஒரு மாதம் முன்பே, மெஷின் ரூமில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து வரி யோசிப்பான். அவனோடு ஜோடியாக வேலைக்கு வரும் இன்னொரு மெக்கானிக் இதில் அவனுக்கு ஆலோசகர். அந்த ஆளுக்குக் கம்பெனியில் ‘லைக்கு’ என்றே பெயர். காலையில் பல் தேய்ப்பதைக்கூடப் பதிவாகப் போட்டுப் பத்து பேரைச் சிரிக்கவைக்கும் சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் மனைவி ஜோக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை.

இத்தனை வருஷமும் ஜோக்குக்கு விறகாக எரிந்தவள் மெக்கானிக்கின் மனைவி. அவள் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் ஈறு அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியபின் மெழுகில் பல் வரிசை அடுக்கி, கடிக்கும்போது மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டுகிற வேலை. தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் இருந்தாலும் போட்டுக்கொள்பவருக்கு வாய் புண்ணாகும். அதனால் அவளுக்கு எதிலும் அரைகுறை ஆகாது. கணவன் வீட்டார் அவளை ‘பல் டாக்டரம்மா’ என்று அழைப்பார்கள். மரியாதை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் எந்தப் பதிவும் போட்டதில்லை. கணவன் போட்டதற்கு ஒரு லைக் போடுவாள், அதோடு சரி. கிண்டலை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. ஆனால் பத்தாவது கல்யாண நாளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று நடந்தது.

மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்கு இருவரும் போயிருந்தார்கள். அக்காவின் மகளுக்குப் புதிதாகக் கல்யாணமாகி, மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை வந்திருந்தது. மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். அக்கா மகளுக்குப் புத்தி சொல்லும் சாக்கில் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, புருஷன் வேலைக்குப் போவதைத் தடுக்கிற பெண்டாட்டியாக மட்டும் இருந்துவிடாதே, நம் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், தம்பியை ஒரு வருஷத்துக்குமேல் முந்தானையில் முடிந்து வீட்டில் உட்காரவைத்தாள், அவன் வாழ்க்கையே பின்தங்கிப் போனது என்றாள். அடுக்களை வாசலில் தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்த மெக்கானிக்கின் மனைவிக்கு அத்தனையும் கேட்டது. கூடத்தில் சோபாவில் இருந்த மெக்கானிக்குக்கும் கேட்டது. அவன் உடனே கைபேசியில் ஏதோ அவசரமாகப் படிக்க ஆரம்பித்தான்.

படித்திருக்கக் கூடாது. ஏனென்றால் அக்கா சொன்னது பொய் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்ச் எல்லாம் முறையாகத்தான் அணைத்திருந்தான். ஆனால் மேலே மெஷினின் பிரேக் கட்டையில் எண்ணெய் கசிந்து ஊறிப்போயிருந்தது. ஆள் இல்லாத பெட்டியைவிட மறுபக்கம் தொங்கும் எதிர் எடை கனமானது. பிரேக் வழுக்கினால் எதிர் எடை கீழே இறங்கும், பெட்டி தானாக மேலே ஏறும். அப்படித்தான் ஏறியது. அவன் குனிந்தான், உட்கார்ந்தான், கடைசியில் படுத்தே விட்டான். எதிர் எடை அடியிலுள்ள தாங்கியில் போய் முட்டியதால் பெட்டி நின்றது. அவன் முதுகுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கிற இடம் இருந்தது. அவனை வெளியே எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. கம்பெனியில் எல்லோரும் முதுகில் தட்டி, பிழைத்துக்கொண்டாய் என்றார்கள்.

மறுநாளிலிருந்து அவனால் லிஃப்டில் ஏற முடியவில்லை. வேலை பார்க்க என்றில்லை, சும்மா ஏறக்கூட முடியவில்லை. கதவு மூடும் சத்தம் கேட்டாலே உள்ளங்கை நனைந்துவிடும். சம்பளமில்லாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குப் பயப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது? மீன்காரன் மீனுக்குப் பயந்த கதை ஆகிவிடாதா? அக்கா ஃபோனில் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டபோது, அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல், “அவ விடமாட்டேங்குறா அக்கா. ஆபத்தான வேலையாம்” என்றான். பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மறுத்துப் பேசாமல் பின்னலைத் தொடர்ந்தாள். புருஷன் மானம் போகவேண்டாம் என்று நினைத்திருக்கலாம். இரண்டு நாளில் அவனே சரிசெய்துவிடுவான் என்றும் நினைத்திருக்கலாம்.

உண்மையில் அவள் செய்தது வேறு. பகலில் பல் செட் கூடத்தில் வேலை, அதற்குமேல் இன்னொரு பல் செட் கூடத்தின் மெழுகு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தாள். சாயங்காலம் வந்ததும் கைகூடக் கழுவாமல் அவனைக் கூட்டிக்கொண்டு குடியிருப்பின் லிஃப்டுக்குப் போவாள். முதலில் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே சும்மா நிற்பார்கள். பிறகு கதவை மூடிவிட்டு, நகராமல் நிற்பார்கள். பிறகு ஒரு மாடி. அக்கம்பக்கத்தார் இவர்களைப் புதுக்காதலர்கள் என்று நினைத்துக் கண்டும் காணாமல் படியேறிப் போனார்கள். ஒருநாள் நடு மாடியில் அவனுக்கு மூச்சு முட்டியபோது அவள் பையிலிருந்து பாதி முடிந்த ஒரு பல் செட்டை எடுத்துக் கையில் கொடுத்து, இதில் எந்தப் பல் கோணல் என்று கண்டுபிடியுங்கள் என்றாள். அவன் கண்டுபிடிப்பதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. இப்படியே அவனை மறுபடியும் மெக்கானிக் ஆக்கினாள்.

அவன் வேலைக்குத் திரும்பினான். சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டான். மறந்தான் என்பது அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட சொல்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். வருகிற கல்யாண நாள் பதிவில் இந்தமுறை தன் பெயரும் சேர்ந்து வரவேண்டும் என்றாள். அவன் மகிழ்ந்துபோனான். பத்து வருஷத்தில் முதல்முறையாக மனைவி தன் கலையை மதிக்கிறாள் என்று நினைத்தான். “நீங்க எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணுங்க. நானும் பண்றேன். ஆனா அன்னிக்கு நான் உங்களைப் போகவேண்டாம்னு சொல்லலை. அதை எழுதணும். அண்ணி படிக்கணும்” என்றாள். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டது.

ஆனாலும் ஒப்புக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள். கைபேசியில் அவன் தட்ட, எதிரில் அவள் திருத்த, உண்மையைச் சொன்னால் அந்த வாரம் வீட்டில் நல்ல கலகலப்பு. ‘ஊரில் உள்ள பெட்டியெல்லாம் இவர் சொன்னால் ஏறும் இறங்கும், காலையில் இவரைப் படுக்கையிலிருந்து ஏற்ற ஆளில்லை’ என்று அவள் ஒன்று சொன்னாள். ‘உலகத்துக்கெல்லாம் பல் கட்டிக் கொடுப்பாள், எனக்கு அதைக் காட்டியதில்லை, கடித்ததுண்டு’ என்று அவன் ஒன்று போட்டான். அவள் சிரித்துவிட்டு, கடித்ததுண்டு என்பதை எடுக்கச் சொன்னாள். எடுத்தான். பிறகு நன்றிப் பகுதி வந்தது. அதை எழுத அவனுக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. ‘ஒரு கஷ்டமான காலத்தில்’ என்று ஆரம்பித்தான். எந்தக் கஷ்டம் என்று கேட்டாள். ‘உடல்நலம் சரியில்லாதபோது’ என்று மாற்றினான். உடல் நன்றாகத்தானே இருந்தது என்றாள். அச்சில் ஜிப்சம் மாவு இறுகுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் உள்ளது உள்ளபடி வந்தது: விபத்துக்குப்பின் லிஃப்டில் ஏற அவன் பயந்தான், வேலைக்குப் போகாதே என்று அவள் சொன்னதே இல்லை, அப்படிச் சொன்னதாக அவன்தான் சொன்னான், அவளே அவனைத் திரும்ப ஏற்றினாள். இது மேலே. ஜோக்குகள் அதற்குக் கீழே. ஃபோட்டோ நாலு. இப்படி முடிவானது.

கல்யாண நாள் காலையில் அவள் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். அவன் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தான். போடுவதற்குமுன் எழுதியதை லைக்குவிடம் காட்டினான். லைக்கு ஒரு பண்டிதனைப்போல முகத்தைச் சுளித்தான்.

“டேய், என்னடா இது? ஆரம்பமே வாக்குமூலம் மாதிரி இருக்கு.”

பிறகு லைக்கு பாடம் நடத்தினான். ஒரு பதிவில் வெளியே தெரிவது முதல் இரண்டு வரிதான். அதற்குப்பின் ‘மேலும்’ என்று ஒரு சொல் நிற்கும். அதைத் தொட்டால்தான் மிச்சம் விரியும். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை நிறுத்த வேண்டுமானால் அந்த இரண்டு வரியில் சிரிப்பு இருக்கவேண்டும். சிரித்தவன்தான் மேலுமைத் தொடுவான், அப்போது உன் நன்றியைப் படித்துக் கண்ணீர் விடுவான். ஆகவே சிரிப்பு மேலே, சோகம் கீழே. ஒரு சொல்லையும் எடுக்கவேண்டாம், இடத்தை மட்டும் மாற்று.

மெக்கானிக் இதை யோசித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தான். யோசிக்க என்ன இருந்தது? நெஞ்சில் பாரமாக இருந்த ஒன்றை ஒருத்தன் வந்து கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறான். நன்றிப் பகுதியை வெட்டி அடியில் ஒட்டினான். இதுவரை கீழே இருந்த ஜோக்குகளில் எதை முதலில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தான். ‘பத்து வருடமாக இந்த அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் வாசலைத் தாண்டுகிறேன். இன்று அனுமதி கிடைத்ததால் இந்தப் பதிவு.’ லைக்கு தொடையைத் தட்டினான். மேலே போனது அது.

பதிவைப் போட்டு, இருவர் பெயரிலும் வருவதற்காக மனைவிக்கு அழைப்பு அனுப்பினான். இந்த ஏற்பாடு இப்படித்தான்: அழைக்கப்பட்டவர் ஏற்றுக்கொண்டால்தான் இரண்டு பெயரும் தலைப்பில் சேர்ந்து நிற்கும், இருவர் பக்கத்திலும் பதிவு வரும், இரு பக்கத்து உறவினரும் ஒரே இடத்தில் வந்து கும்மியடிப்பார்கள். ஆனால் எழுத்தைத் திருத்தும் உரிமை போட்டவருக்கு மட்டும்தான். ஏற்றுக்கொண்டவர் இருக்கலாம், பிடிக்காவிட்டால் பெயரை எடுத்துக்கொண்டு போகலாம். அவ்வளவுதான். கல்யாணத்தை நன்றாகப் பார்த்த யாரோதான் இதை வடிவமைத்திருக்க வேண்டும்.

அழைப்பு வந்தபோது அவள் கையெல்லாம் ஜிப்சம் மாவு. சுண்டுவிரலால் ஏற்றுக்கொண்டாள். எழுதியதெல்லாம் கூடவே இருந்து எழுதியதுதானே என்று திறந்து பார்க்கவில்லை.

அன்று மதியத்துக்குள் பதிவு அவன் வாழ்க்கையில் காணாத உயரத்துக்குப் போனது. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்ததால் எண்ணிக்கை இரட்டித்தது. ‘பாவம் மாப்ளே’, ‘அனுமதிச் சீட்டைக் காட்டவும்’, ‘எங்க வீட்லயும் அதே ராணுவ ஆட்சிதான்’ என்று கமெண்டுகள் வரிசை கட்டின. அத்தனையும் முதல் இரண்டு வரிக்கு. மேலுமைத் தொட்ட கை ஒன்றுகூட இல்லை என்பது கமெண்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது. சிரித்தவன் ஏன் தொடப்போகிறான்? அவனுக்குத்தான் வேண்டியது கிடைத்துவிட்டதே.

அப்போது அக்கா வந்தாள். ‘எங்களுக்குப் பழைய கதைதானே தம்பி. வீட்டோட கட்டிப்போட்டவ இன்னிக்காவது அவிழ்த்து விட்டாளே’ என்று எழுதினாள். கூடவே கண்ணில் நீர்வரச் சிரிக்கும் முகங்கள் நாலைந்து. உறவினர்கள் அந்தக் கமெண்டுக்கே லைக் போட்டு அதை உச்சிக்குத் தூக்கினார்கள். மெக்கானிக் வந்த ஒவ்வொரு கமெண்டுக்கும் மளமளவென்று இதயம் போட்டுக்கொண்டே வந்தான். கை பழகிய வேகத்தில் அக்காவுடையதற்கும் போட்டுவிட்டான். உடனே அதன் அடியில் ‘பதிவிட்டவருக்குப் பிடித்திருக்கிறது’ என்று செயலி பொடி எழுத்தில் எழுதிவைத்தது. பதிவிட்டவர் என்று தலைப்பில் இருந்ததோ இரண்டு பெயர்.

மனைவி சாப்பாட்டு வேளையில் கையைக் கழுவிவிட்டு அதைத் திறந்தாள்.

அவள் ஃபோன் செய்யவில்லை. மெஷின் ரூமில் அவன் அடுத்தமுறை பார்த்தபோது தலைப்பில் அவன் பெயர் மட்டும் தனியாக நின்றது. பத்து வருட இணைபிரியா வாழ்வைக் கொண்டாடும் பதிவில் இணை பிரிந்திருந்தது. முதலில் செயலியில் கோளாறு என்று நினைத்து, அணைத்துப் போட்டுப் பார்த்தான். லிஃப்டுக்கு முதலில் செய்கிற வைத்தியமும் அதுதான். பெயர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தனித்தனியாகச் செய்திகள் வர ஆரம்பித்தன. எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று பெரியப்பா மகன் கேட்டான். தைரியமாக இரு என்று மாமனார் வீட்டுப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று பழைய பள்ளித் தோழன் எழுதினான். லைக்குவுக்கு உண்மையான கவலை. பெயர் போனதால் அவள் பக்கத்து ஆட்களுக்குப் பதிவு போகாது, எண்ணிக்கை படுத்துவிடும் என்றான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அவன் வாசலிலேயே ஆரம்பித்தான்.

“ஒரு வார்த்தையைக்கூட நான் எடுக்கலை. நீ வேணா எண்ணிப் பாரு.”

“எடுக்கலைங்க. பல்லுகூட அப்படித்தான். எல்லாப் பல்லும் செட்ல இருக்கும். முன்பல்லைக் கடவாயில வெச்சா போட்டுக்க முடியாது.”

அவன் லைக்கு சொன்னதைச் சொன்னான். அவள், எதை மேலே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அனுமதி வாங்கி வாசலைத் தாண்டுகிறேன் என்பதையா? ஆறு வருஷமாக உங்கள் அக்கா எதைச் சொல்லித் திரிகிறாரோ, அதற்கு இன்று நீங்களே என் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு இதயம் வேறு. அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் உடனே கைபேசியை எடுத்தான். இப்போதே திருத்திவிடுகிறேன், நன்றியை மேலே கொண்டுவந்துவிட்டால் முடிந்தது என்றான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“திருத்தினா கீழே இருக்கிற கமெண்டெல்லாம் என்ன ஆகும்? நீங்க பயந்தேன்னு மேலே எழுதினா, அதுக்கு அண்ணி சிரிச்ச மாதிரி ஆகும். அவங்க அதுக்குச் சிரிக்கலை. எனக்கு அவங்க மேல கோவம்தான். அதுக்காக அவங்க செய்யாததைச் செஞ்ச மாதிரி காட்டக் கூடாது. என்னை அப்படிக் காட்டினதுதானே இத்தனையும்.”

அவனுக்கு இது தோன்றவே இல்லை. அப்படியானால் அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றான். அதுவும் ஆகாது என்றாள். அக்கா சொன்னது கூடம் நிறைந்த ஆட்கள்முன். ஃபோனில் சொன்னால் ஃபோனோடு போய்விடும். நாளைக்கு அக்காவே மகளிடம், பெண்டாட்டி மிரட்டியதால் தம்பி அப்படிச் சொன்னான் என்று சொல்லிவிடுவாள்.

அழிப்பதுதான் மிச்சம். பத்து வருஷத்தின் உச்சம் அது. அதை அழித்தால் அத்தனை லைக்கும் அத்தனை கமெண்டும் சேர்ந்து போகும். பெரியப்பா மகனும் வக்கீல் தோழனும் தாங்கள் நினைத்தது சரிதான் என்பார்கள். அவன் அதைத் திறந்து ஒருமுறை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தான். வீடு காலிசெய்கிறவன் சுவரைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று செயலி ஒருமுறை கேட்டது. மனைவி கேட்கவில்லை.

புதிதாக எழுத உட்கார்ந்தான். இந்தமுறை அவள் எதிரில் உட்காரவில்லை. உள்ளே போய் மெழுகு வேலையில் இறங்கிவிட்டாள். தனியாக இருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கம்பெனியில் படிப்பார்கள். அவன் பராமரிக்கும் கட்டடங்களின் செயலாளர்கள் படிப்பார்கள். நாளைக்கு யாராவது ஏறும்போது, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்பான். கேட்கட்டும் என்று சொல்லும் துணிச்சல் அவனுக்கு இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஆறு வருஷமாக அவனுக்குப் பதிலாக வேறொருத்தி தாங்கிக்கொண்டிருந்தாள் என்பது கணக்காகத் தெரிந்துவிட்டது. எழுதினான். முதல் இரண்டு வரி இப்படி வந்தது: ‘நான் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடம் முன்பு லிஃப்டில் ஏறப் பயந்து வீட்டில் உட்கார்ந்தேன், பழியை மனைவிமேல் போட்டேன்.’ மிச்சம் மேலும் என்பதற்குக் கீழே. அதைத் தொடாமல் போகிறவனுக்கும் போய்ச்சேர வேண்டியது போய்ச்சேர்ந்துவிடும். லிஃப்டில் அவர்கள் நின்ற கதை, கையில் கொடுத்த பல் செட், எல்லாம் கீழே வைத்தான். அடியில் அவளுடைய ஜோக்குகள் மட்டும். தன் ஜோக்கு ஒன்றையும் சேர்க்கவில்லை. கை துறுதுறுத்தது, ஆனாலும் சேர்க்கவில்லை. கண்ணில்பட்ட ஒரு ஃபோட்டோவை வைத்துப் போட்டான். லிஃப்டின் உள்கண்ணாடியில் இருவரும் தெரிய எப்போதோ எடுத்தது. அழைப்பையும் அனுப்பினான்.

அவள் ஏற்கவில்லை. படித்தாளா என்றும் தெரியவில்லை.

பதிவு அனாதைபோலக் கிடந்தது. இதைப் படித்துவிட்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிரித்தால் தப்பு, அழுதாலும் தப்பு, இதயம் போட்டால் எதற்குப் போட்டதாக அர்த்தம்? வழக்கமாக முதல் ஆளாக ஓடிவரும் கூட்டம், சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்குவதுபோல நின்றது. மாமனார் மட்டும் கட்டைவிரலைத் தூக்கினார். லைக்கு தனிச்செய்தியில், ‘ஏன்டா உனக்கு இந்த வேண்டாத வேலை’ என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் கழித்து, ‘அந்த பிரேக் கட்டையை அன்னிக்கு நான்தான் செக் பண்ணியிருக்கணும்’ என்று இன்னொன்று அனுப்பினான். பிறகு இரண்டாவதை அழித்துவிட்டான். மெக்கானிக் அதைப் படித்துவிட்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். தம்பிக்கு இல்லை, அவளுக்கு. அவள் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தலைவாரினாள். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. மன்னிப்பு என்ற சொல் அக்காவின் வாய்க்குப் பழக்கமில்லாதது. ஆகவே அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். தனக்கு எப்படித் தெரியும், தம்பி சொன்னதைத்தானே நம்பினேன், சின்ன வயதிலிருந்தே அவன் பூச்சிக்குப் பயந்தாலும் பக்கத்துப் பையனுக்குப் பயம் என்பான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இறங்க இடம் கிடைக்காமல், “ஏம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“அவர் சொல்லவேண்டியது அண்ணி, அது. அதான் இவ்வளவு நாளாச்சு.”

அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டது. மெக்கானிக் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் செருப்பு மாட்டுவதற்குள் அக்காவின் கமெண்ட் வந்தது. ‘முழுசும் படித்தேன். நான் என் தம்பி மனைவியைப் பற்றி எல்லோரிடமும் சொன்னது தப்பு. சொன்ன இடமெல்லாம் போய் மாற்றிச் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.’ அதன் கீழே, கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்திருந்தாள், தன் மகள் பெயரையும் சேர்த்து. அக்காவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது, நல்லதையும்.

அவன் கைபேசியை மனைவியிடம் நீட்டினான். அவள் வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்று படித்தாள். மெதுவாகப் படித்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்து அழைப்பை ஏற்றுக்கொண்டாள். தலைப்பில் இரண்டு பெயரும் சேர்ந்தன. அப்போதுதான் அவள் பார்வை ஃபோட்டோவுக்குப் போனது.

“என்னங்க இது. என் கண்ணு மூடியிருக்கு.”

அவனும் எட்டிப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. வாயும் பாதி திறந்திருந்தது. நின்றபடியே தூங்குகிறவள்போல இருந்தாள். பக்கத்தில் அவன் பளிச்சென்று, முடியெல்லாம் படிந்து, அழகாக நின்றான். இரண்டு பக்கத்து உறவும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மாற்றிவிடு என்றாள். எழுத்தைத்தான் மாற்றலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது என்றான். முழுக்க அழித்துவிட்டு வேறு படத்தோடு மறுபடி போடவேண்டும். அதற்கு அவன் தயார்தான், விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அழித்தால் அக்காவின் கமெண்டும் போய்விடும் என்று சொல்லவும் செய்தான். இந்தமுறை மறைக்கவில்லை.

அவள் படத்தை இன்னொருமுறை பார்த்தாள். பிறகு அக்கா எழுதியதைப் பார்த்தாள். மற்றக் காலிலும் செருப்பை மாட்டினாள்.

“இருக்கட்டும் விடுங்க. அண்ணி எழுதினது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தலைப்பில் இரண்டு பெயரும் அப்படியே இருந்தன.